காங்க்ராவில் ஒரு மண்டலத்துக்கு மட்டும் வெறும் உப்பு போனது

1956-இல், இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஆட்களின் கழுத்தைத் தடவிப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். நூற்றில் சுமார் 38 பேருக்குத் தைராய்டு சுரப்பி வீங்கியிருந்தது. ஊரில் யாரும் அதை நோய் என்று பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, ஏனென்றால் அம்மாவுக்கும் பாட்டிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கழுத்து அப்படித்தான் இருந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் ஒரே மாதிரி இருந்தால் அது அந்த ஊரின் சாயலாகிவிடுகிறது.

அங்கே அடுத்த 16 ஆண்டுகள் நடந்த ஆய்வைத்தான் இங்கே முழுதாகப் பார்க்கப்போகிறேன். அயோடின் உப்பு பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் ஒரு வரி மட்டும்தான். அந்த வரிக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் வெறும் உப்பைக் கொடுத்துக் காத்திருந்த கதை இருக்கிறது. அந்த வெறும் உப்புப் பகுதிதான் எனக்கு இந்த ஆய்வின் மையம். அறிவியலாகப் பார்த்தாலும் சரி, மனசாட்சியாகப் பார்த்தாலும் சரி.

முதலில் ஏன் அங்கே? காஷ்மீர் தொடங்கி வடகிழக்கு மலைகள் வரை இமயமலையின் அடிவாரத்தை ஒட்டி நீளமான ஒரு கழலைப் பட்டை இருக்கிறது. (மருத்துவத்தில் காய்டர் என்பார்கள், தமிழில் முன்கழுத்துக் கழலை.) அயோடின் பற்றாத இடத்தில்தான் இந்தக் கழலை வரும். உலகின் அயோடினில் பெரும்பங்கு கடலில் இருக்கிறது. நிலத்தின் மேல் மண்ணில் கொஞ்சமாகத்தான் இருக்கும், பனியாறுகளும் மழையும் வெள்ளமும் அந்தக் கொஞ்சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். கடலிலிருந்து காற்றில் ஏறி மழையில் திரும்பி வருவது உண்டுதான், ஆனால் போகும் வேகத்துக்கு அது ஈடாகாது. அப்புறம் அந்த மண்ணில் விளையும் கோதுமையிலும் காயிலும் அயோடின் இருக்காது, அந்தப் புல்லை மேயும் மாட்டின் பாலிலும் இருக்காது. மலைச்சரிவு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அடிக்கடி வெள்ளம் புகுந்து மேல்மண்ணை அள்ளிச் செல்லும் கங்கைச் சமவெளியிலும் இதே கதைதான்.

இவ்வளவு தெளிவாக இருந்ததென்றால் 1956-இல் எதற்கு ஆய்வு என்று கேட்கலாம். அப்போது அது அவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்காவின் ஓஹியோவில் பள்ளி மாணவிகளுக்கு அயோடின் கொடுத்துக் கழலையைத் தடுக்கலாம் என்று காட்டி நாற்பது வருடம் ஆகியிருந்தது, சுவிட்சர்லாந்தில் 1922-லேயே அயோடின் உப்பு தொடங்கிவிட்டது. ஆனால் இமயமலைக் கழலை வேறு ரகம் என்ற சந்தேகம் விடாமல் இருந்தது, அதற்கு ஒரு வலுவான காரணமும் இருந்தது. ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் 1900-களின் தொடக்கத்தில் கில்கித் பகுதியில் ஒரே நீரோட்டத்தை ஒட்டியிருந்த ஊர்களை வரிசையாகப் பார்த்தார். மேலே இருந்த ஊரில் கழலை குறைவு, கீழே போகப்போக அதிகம். ஒவ்வொரு ஊரின் கழிவும் அடுத்த ஊரின் குடிநீரில் கலப்பதுதான் காரணம் என்று அவருக்குத் தோன்றியது. அந்தத் தண்ணீரிலிருந்து வடிகட்டிய வண்டலைத் தானும் குடித்தார், விருப்பப்பட்டு வந்த சிலருக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது, கொதிக்கவைத்துக் கொடுத்தவர்களுக்கு வீங்கவில்லை. இதை யாரும் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

அயோடின் ஏற்கெனவே பற்றாத இடத்தில் அசுத்த நீரும் சில உணவுப் பொருட்களும் கழலையைக் கூட்டலாம் என்பதை இன்றும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அடிப்படைக் காரணம் எது, எதைக் கொடுத்தால் ஊரே மாறும் என்ற கேள்விக்கு விடை அங்கே கிடைக்கவில்லை. மெக்கரிசன் பிற்பாடு நம்ம குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்தினார். காங்க்ரா ஆய்வை வழிநடத்திய வி. ராமலிங்கசாமியும் இளம் நோயியல் நிபுணராக அதே குன்னூர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்தான். தண்ணீர்தான் காரணம் என்ற கருத்தை முன்வைத்தவரும், உப்பால் பதில் சொன்னவரும் ஒரே மலையில் வேலை செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

சரி, ஆய்வு எப்படி அமைந்தது என்று பார்ப்போம்.

அப்போது காங்க்ரா பஞ்சாப் மாநிலத்தில் இருந்தது, 1966-இல்தான் இமாச்சலத்தோடு சேர்ந்தது. ஒரு லட்சம் பேர் அளவில் மக்கள் வாழும் பகுதியை எடுத்துக்கொண்டு ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்தார்கள். மூன்றிலும் தொடக்கத்தில் கழலை அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஏ மண்டலத்துக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, சி மண்டலத்துக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு, பி மண்டலத்துக்கு எதுவும் கலக்காத உப்பு. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 மைக்ரோகிராம் அயோடின் கிடைக்கும்படி கலவையைத் தீர்மானித்தார்கள்.

உப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. மாத்திரை என்றால் வீடு வீடாகப் போக வேண்டும், இன்றைக்கு வாங்கியவர் நாளைக்கு மறந்துவிடுவார். உப்பு இல்லாமல் யாரும் சமைப்பதில்லை, ஏழையும் பணக்காரரும் தின்னும் அளவில் பெரிய வித்தியாசமில்லை, அதோடு மலைப்பகுதிக்கு உப்பு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். வரும் வழி ஒன்றிரண்டுதான் என்றால் அந்த இடத்தில் நின்று எது எங்கே போகிறது என்று கட்டுப்படுத்தலாம். மூன்று மண்டலங்களுக்கும் மூன்று வகை உப்பு என்ற ஏற்பாடு அதை நம்பித்தான் நின்றது. பக்கத்து மண்டலத்து உப்பு சந்தை வழியாக உள்ளே வந்திருந்தால் முழு வேலையும் வீணாகியிருக்கும்.

1962-இல் திரும்பக் கணக்கெடுத்தார்கள். அயோடைடு போன ஏ மண்டலத்தில் 38 சதவீதமாக இருந்தது 19 ஆகியிருந்தது. அயோடேட் போன சி மண்டலத்தில் 15. வெறும் உப்பு போன பி மண்டலத்தில் 40.

இந்த 40-ஐ நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பி மண்டலம் இல்லாமல் ஏ, சி இரண்டு மட்டும் இருந்திருந்தால், ஆறு வருடத்தில் சாலை வந்தது, வெளியூர்த் தானியம் வந்தது, தண்ணீர் மேம்பட்டது, அதனால் கழலை தானாகக் குறைந்தது என்று யாராவது சொல்லியிருப்பார்கள், மறுத்துப் பேச நம்மிடம் எதுவும் இருந்திருக்காது. அதே பள்ளத்தாக்கு, அதே காலம், அதே சாப்பாடு, ஆனால் உப்பு மட்டும் வேறு, கழுத்து அசையவில்லை. அந்த ஒரு எண்தான் வாதத்தை முடித்துவைத்தது. 1962-லேயே இந்தியாவில் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பி மண்டலத்துக்கும் அயோடின் உப்பு கொடுக்க ஆரம்பித்தார்கள், அதன்பின் அங்கேயும் கழலை இறங்கியது.

கழுத்தைத் தடவிப் பார்ப்பதோடு அவர்கள் நிற்கவில்லை, உடலுக்குள் அயோடின் என்ன ஆகிறது என்றும் அளந்தார்கள். இது புரிய வேண்டுமென்றால் சுரப்பி என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். தைராய்டு முக்கியமாகச் சுரக்கும் ஹார்மோனில் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கும், அதனால் அதை டி4 என்பார்கள். அயோடின் பற்றாவிட்டால் ரத்தத்தில் டி4 குறையும், உடனே மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பித் தைராய்டை முடுக்கும். தைராய்டு தன் செல்களைப் பெருக்கிக்கொண்டு, ரத்தத்தில் வரும் ஒவ்வொரு துளி அயோடினையும் அள்ளப் பார்க்கும். அந்தப் பெருக்கம்தான் வெளியே கழலையாகத் தெரிகிறது. கழலை என்பது பசித்த சுரப்பி தன் வாயைப் பெரிதாக்கிக்கொண்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பசியை நேரடியாக அளக்க முடியும். மிகக் குறைந்த அளவில் கதிரியக்க அயோடினைக் கொடுத்து, 24 மணி நேரத்தில் அதில் எவ்வளவு பங்கைக் கழுத்து பிடித்துவைத்தது என்று கருவியால் பார்ப்பார்கள். பசித்த சுரப்பி பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும், வயிறு நிறைந்த சுரப்பி கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைச் சிறுநீரில் விட்டுவிடும். அயோடின் உப்பு போன மண்டலங்களில் இந்தப் பிடிப்பு இறங்கியது, சிறுநீரில் அயோடின் ஏறியது. கழுத்து, கதிரியக்கப் பிடிப்பு, சிறுநீர் என்று மூன்று தனித்தனி சாட்சிகள் ஒரே பக்கம் பேசின.

இப்போது ஏ-க்கும் சி-க்கும் வருவோம். இரண்டும் வேலை செய்தன, அயோடேட் ஒரு படி முன்னால் இருந்தது. இந்தியச் சூழலுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

அயோடைடு என்பது சுலபமாகக் கைவிட்டுப் போகும் பொருள். ஈரம், வெயில், காற்று, உப்பில் இருக்கும் அழுக்கு ஆகியவை சேர்ந்தால் அது அயோடின் வாயுவாக மாறிப் பறந்துவிடும். நன்றாகச் சுத்திகரித்து, உலரவைத்து, காற்றுப் புகாத பாக்கெட்டில் அடைத்த உப்பில் அயோடைடு பத்திரமாக இருக்கும், மேலை நாடுகள் சிலவற்றில் இன்றும் அதுதான். நம் கதை வேறு. உப்பளத்தில் அள்ளிய, மெக்னீசியம் கலந்திருப்பதால் ஈரத்தை உறிஞ்சும் கல்லுப்பு, சாக்கு மூட்டை, மழையில் நிற்கும் சரக்கு வண்டி, திறந்த கடை. அயோடேட் ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்த பொருள் என்பதால் காற்று அதை மேலும் கெடுக்காது, தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் கரைந்து மூட்டையின் அடிக்கு வடியவும் வடியாது. அதனால்தான் இங்கே அயோடேட் நிலைத்தது.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், அளவு எவ்வளவு சிறியது என்று அப்போதுதான் உறைக்கும். நீண்ட காலம் இருந்த இந்திய விதிப்படி உற்பத்தி இடத்தில் உப்பில் குறைந்தது 30 பிபிஎம் அயோடின் இருக்க வேண்டியிருந்தது, அதாவது ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம். வீட்டுக்கு வந்து சேரும்போது 15 பிபிஎம்-க்குக் குறையக் கூடாது. அந்தக் கணக்கில் ஒரு டன் உப்புக்கு 30 கிராம் அயோடின் வேண்டும், பொட்டாசியம் அயோடேட்டின் எடையில் ஏறக்குறைய 59 சதவீதம்தான் அயோடின் என்பதால் சுமார் 51 கிராம் அயோடேட் போட வேண்டும். ஆயிரம் கிலோ உப்புக்கு ஒரு கைப்பிடியிலும் குறைவு. வீட்டில் 15 பிபிஎம் உப்பை ஒருவர் 10 கிராம் சாப்பிட்டால் 150 மைக்ரோகிராம் கிடைக்கும், வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது அதுதான். 70 வருடத்துக்கும் கூட்டிப் பார்த்தால் 4 கிராமைத் தொடாது.

இவ்வளவு சின்ன அளவை டன் கணக்கான கல்லுப்பில் சமமாகப் பரப்புவதுதான் தொழிலில் கஷ்டமான இடம். அயோடேட்டைத் தண்ணீரில் கரைத்து, பட்டையில் ஓடிவரும் உப்பின் மேல் தெளித்து, பிறகு திருகுக் கலவையில் புரட்டுவார்கள். தெளிப்பு மூக்கு அடைத்துக்கொண்டாலோ, பட்டையில் உப்பு ஒரு நேரம் கனமாகவும் ஒரு நேரம் மெல்லியதாகவும் வந்தாலோ ஒரு மூட்டையில் 60 பிபிஎம் இருக்கும், அடுத்த மூட்டையில் 5 கூட இருக்காது. சராசரி எடுத்தால் நன்றாகத்தான் தெரியும். அந்த 5 பிபிஎம் மூட்டையை வாங்கிய குடும்பத்துக்குச் சராசரியால் ஒரு பயனும் இல்லை. அதனால் ஒரே இடத்தில் அள்ளாமல் பல மூட்டைகளிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும்.

சோதனை இரண்டு விதம். களப்பணியாளர் பையில் இருக்கும் சொட்டுப் பாட்டில் ஒன்று. உப்பின் மேல் ஒரு சொட்டு விட்டால் அயோடேட் இருக்கும் உப்பு நீலமாகும், நிறம் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு அயோடின் என்று அட்டையோடு ஒப்பிடுவார்கள். அயோடின் இருக்கிறதா இல்லையா என்பதற்கு இது போதும். 12-ஆ 18-ஆ என்பதற்குப் போதாது, ஒரே உப்பைப் பார்த்து இரண்டு பேர் இரண்டு எண் சொல்வார்கள். அதோடு அயோடேட்டுக்கான சொட்டு மருந்து அயோடைடு உப்பில் நிறம் காட்டாது, இது தெரியாமல் சோதித்தால் நல்ல உப்பையும் வெறும் உப்பென்று எழுதிவிடுவோம்.

சரியான எண் வேண்டுமென்றால் டைட்ரேஷன்தான் செய்ய வேண்டும். 10 கிராம் உப்பைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கந்தக அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்தால் உப்பில் இருக்கும் அயோடேட்டின் அளவுக்கேற்ப அயோடின் வெளிவந்து கரைசல் மஞ்சளாகும். பத்து நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் தேவையில்லாத அயோடினும் வெளிவந்து கணக்கை ஏற்றிவிடும். பிறகு 0.005 மோலார் சோடியம் தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு மஞ்சள் வெளிறியதும் கொஞ்சம் மாவுச்சத்துக் கரைசல் சேர்ப்பார்கள், கரைசல் கருநீலமாகும், அந்த நிறம் மறையும்வரை மேலும் விடுவார்கள். செலவான ஒவ்வொரு மில்லிக்கும் 10.58 பிபிஎம். சுமார் 1.42 மில்லிக்கு முன்பே நிறம் போய்விட்டால் அந்த உப்பு 15 பிபிஎம்-ஐத் தொடவில்லை என்று அர்த்தம். மாவுக் கரைசலை முதலிலேயே ஊற்றிவிடுவது புதிதாகச் செய்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. நிறைய அயோடினோடு மாவு கட்டிக்கொண்டால் விட மாட்டேன் என்னும், எண் தப்பாக வரும்.

உப்பு சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்தால் அடுத்த சிக்கல் வருகிறது. காங்க்ராவில் பல பத்தாண்டுகள் கழித்துச் செய்த கணக்கெடுப்புகளிலும் பிள்ளைகளிடம் கழலை முழுதாக ஒழியவில்லை, ஆனால் சிறுநீரில் அயோடின் போதுமான அளவு இருந்தது. இதைப் பார்த்து அயோடின் உப்பு தோற்றுவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கழுத்து என்பது மெதுவாகப் பேசும் சாட்சி. சிறு பிள்ளையின் மிருதுவான வீக்கம் மாதங்களிலோ சில வருடங்களிலோ அடங்கும், ஆனால் வருடக்கணக்காக முடுக்கப்பட்டு முடிச்சு முடிச்சாக இறுகிவிட்ட சுரப்பி எவ்வளவு அயோடின் கொடுத்தாலும் பழையபடி ஆகாது. அதோடு சின்ன வீக்கத்தைக் கைவிரலால் கண்டுபிடிப்பதில் தவறு அதிகம். கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு மட்டும் தட்டுப்படுவது முதல் நிலை, தலையைச் சாதாரணமாக வைத்திருக்கும்போதே கண்ணுக்குத் தெரிவது இரண்டாம் நிலை. இரண்டாம் நிலையில் மருத்துவர்கள் ஒத்துப்போவார்கள், முதல் நிலையில் ஒருவர் ஆம் என்பதை இன்னொருவர் இல்லை என்பார்.

சிறுநீர் வேகமான சாட்சி. உடலுக்குள் போகும் அயோடினில் 90 சதவீதத்துக்கு மேல் சிறுநீரில் வந்துவிடும், அதனால் இன்று சிறுநீரில் இருப்பது சமீபத்தில் சாப்பிட்டதைச் சொல்லும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பலரின் மாதிரியை எடுத்து நடு எண்ணைப் பார்ப்பார்கள், ஒரு லிட்டரில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அந்த ஊருக்குப் போதுமான அயோடின் கிடைக்கிறது என்று கொள்ளலாம். இது ஊருக்கான எண், தனி ஆளுக்கானது இல்லை. ஒருவரின் ஒருவேளைச் சிறுநீரை எடுத்து உனக்கு அயோடின் குறைவு என்று சொல்வது தவறு, அது காலைக்கும் மாலைக்கும் மாறும், குடித்த தண்ணீரின் அளவுக்கும் மாறும்.

முடிச்சு விழுந்த பழைய சுரப்பிகள் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை மறைத்துப் பேசினால் நேர்மையில்லை. நீண்ட காலம் பட்டினி கிடந்த ஊருக்குத் திடீரென்று அயோடின் வந்தால், கட்டுப்பாட்டை மீறித் தானாக இயங்கும் முடிச்சுகள் ஹார்மோனை அளவுக்கு மேல் சுரக்கத் தொடங்கலாம். படபடப்பு, எடைக் குறைவு, வயதானவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறு என்று வரும். 1966-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ரொட்டியில் அயோடேட் சேர்த்தபோது இது பதிவானது. பெரும்பாலும் நடுவயது தாண்டியவர்களுக்கு வரும், சில வருடங்களில் அடங்கும். அதற்காக அயோடினை நிறுத்துவது தீர்வாகாது. அளவுக்கு மீறிப் போடாமல் பார்ப்பதும், அந்த ஊர் மருத்துவர் படபடப்போடு வரும் பாட்டியின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதும்தான் வேண்டும்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962 திட்டம் கழலைப் பட்டைக்கு மட்டும் உப்பு அனுப்பியது. பட்டைக்கு வெளியேயும் கழலை இருப்பது தெரியவந்த பிறகு, 1980-களில் எல்லா உணவு உப்பிலும் அயோடின் சேர்ப்பது என்று முடிவானது. திட்டத்தின் பெயரும் 1992-இல் அயோடின் குறைபாட்டுக் கோளாறுகள் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று மாறியது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்கத் தடை 1998-இல் வந்தது, 2000-இல் மத்திய அரசு அதை நீக்கியது, 2006-இல் திரும்பக் கொண்டுவந்தது. தேர்வு செய்யும் உரிமை மக்களுக்கு வேண்டும், சிறு உப்பளக்காரர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பது தடைக்கு எதிரான வாதம். சிறு உப்பளக்காரர்களின் கஷ்டம் உண்மை, தெளிப்பு இயந்திரமும் சோதனைக் கூடமும் அவர்களுக்குச் சுமைதான். அதற்கு இயந்திரத்தில் உதவ வேண்டும் என்பேன். தேர்வு உரிமை வாதத்தை ஏற்க முடியவில்லை, பாதிப்பு விழும் ஆள் உப்பு வாங்கக் கடைக்கு வருவதில்லை, அவர் இன்னும் பிறக்கவே இல்லை.

2018-19-இல் எடுத்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில் 15 பிபிஎம்-க்குக் குறையாத உப்பு நாட்டில் 76.3 சதவீத வீடுகளில் இருந்தது. தமிழ்நாட்டில் 61.9 சதவீதம், மாநிலங்களில் கடைசி. நாட்டின் உப்பு உற்பத்தியில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் நம்முடையது. உப்பளம் பக்கத்தில் இருப்பதால்தான் இப்படி என்பது என் கணிப்பு. காங்க்ராவில் உப்பு வரும் வழியில் நின்று பார்த்தால் போதும், இங்கே அளத்திலிருந்து வண்டியில் ஏற்றி நேராகத் தெருவில் விற்றுவிட முடியும், நடுவில் தெளிப்பு இயந்திரம் என்ற ஒன்றே வராது. கடல் பக்கத்தில் இருப்பதால் உப்பிலேயே அயோடின் இருக்கும் என்று நம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கடல்நீர் காய்ந்து உப்பாகும்போது அதில் மிஞ்சும் அயோடின் ஒன்றுக்கும் காணாது, கலந்தால்தான் உண்டு.

பிறக்காத ஆளைப் பற்றிச் சொன்னேன், அதை முடிக்காமல் விட முடியாது. அயோடின் பற்றாத பெரியவரின் உடல் கொஞ்சம் சமாளித்துக்கொள்ளும். நான்கு அணு வேண்டிய டி4-க்குப் பதிலாக மூன்று அணு போதும் டி3-ஐ அதிகம் செய்துகொள்ளும், அதனால் கழுத்து வீங்கினாலும் ஆள் நடமாடிக்கொண்டிருப்பார். கருவில் இருக்கும் குழந்தையின் மூளைக்கு இந்தச் சமாளிப்பு உதவாது. அது தாயின் டி4-ஐ வாங்கித்தான் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறது, கர்ப்பத்தின் முதல் பாதியில் குழந்தையின் சொந்தத் தைராய்டு போதுமான அளவு சுரக்கத் தொடங்கியிருக்காது. அந்த நேரத்தில் தாயிடம் இல்லையென்றால் மூளையின் செல்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது. கடுமையான குறைபாட்டில் காது கேளாமை, பேச்சின்மை, மாறுகண், விறைத்த கால்கள், அறிவு வளர்ச்சிக் குறைவு எல்லாம் சேர்ந்த கிரெட்டினிசம் வரும். பாப்புவா நியூ கினியில் 1966-இல் தொடங்கிய ஆய்வில் கருத்தரிப்பதற்கு முன்பே அயோடின் கலந்த எண்ணெய் ஊசி போட்டால் இதைத் தடுக்க முடிந்தது, கருத்தரித்தபின் போட்டவர்களுக்கு அது தாமதமாகிவிட்டது.

கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும், சிறுநீரில் நடு எண் 150-க்குக் குறையக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளின் எண் 110 என்று வந்தால் அந்த ஊருக்குப் போதும் என்று எழுதுவோம், அதே சமையலைச் சாப்பிடும் கர்ப்பிணிக்கு அது போதாமல் இருக்கலாம். பிள்ளைகளை மட்டும் அளந்துவிட்டுத் திரும்பினால் இது தெரியாது.

பி மண்டலத்துக்கு இங்கேதான் திரும்ப வருகிறேன். 1956-இல் ஆய்வைத் திட்டமிட்டவர்கள் கழுத்தைத்தான் அளக்கக் கிளம்பினார்கள், அயோடின் குறைவு கருவின் மூளையை எப்படித் தொடுகிறது என்பதற்கான உறுதியான சான்று அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த 40 சதவீதம் என்ற எண் இல்லாவிட்டால் பிற ஊர்களுக்கு உப்பு போகவே இன்னும் எத்தனை வருடம் ஆகியிருக்குமோ. 1962-க்குப் பிறகு பி மண்டலத்தின் கழுத்துகள் இறங்கின. 1956-க்கும் 1962-க்கும் இடையில் அங்கே கருவில் இருந்த பிள்ளைகளுக்கு அந்த உப்பு வந்தபோது வயது ஐந்து, நான்கு, மூன்று.